சனிக்கிழமை வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுங்க டாக்டர்

டாக்டர் வணக்கமுங்க. சனிக்கிழமை (23-ந்தேதி) சாயங்காலம் 6.30-க்கு டோக்கன் போட்டிருக்கேன், வயித்து வலிக்கு. எனக்கு 45 வயசு, பனியன் கம்பெனில டெய்லர், ஓவர்லாக் மெஷின். நேர்ல உக்காந்தா நீங்க கேக்கறதுக்கு ஆமாங்க இல்லைங்கன்னு தலையாட்டிட்டு எந்திரிச்சு வந்துருவேன், வெளிய வந்து செருப்பு போடறப்பதான் எல்லாம் ஞாபகம் வரும். ரிசப்ஷன்ல இருக்கற அக்காதான் சொன்னாங்க, முன்னாடியே இந்த நம்பருக்கு எழுதி அனுப்புங்க, டாக்டர் பார்த்துடுவார்னு. நீளமா போயிருச்சு, மன்னிச்சுக்குங்க.

மொதல்ல இப்ப என்னன்னு சொல்லிடறேன். நெஞ்சுக்குழிக்குக் கீழ, தொப்புளுக்கு மேல நாலு விரல்ல வலி, ஒத்தை விரல வச்சே காட்ட முடியும். முறுக்கறது இல்ல, எரியுது, பசி எடுக்கற மாதிரியே இருக்கும். ராத்திரி ஒன்றரைல இருந்து ரெண்டரைக்குள்ள எழுப்பி விட்டுரும், எந்திரிச்சு ரெண்டு பிஸ்கட்டோ ஒரு வாய் சோறோ சாப்பிட்டா அரை மணி நேரத்துல அடங்கும். சில நாள் முதுகுப் பக்கமும் ஒரு கோடு மாதிரி இழுக்கும். வலி வர்ற நாள்ல பத்துக்கு ஏழுன்னு வச்சுக்கலாம், பிரசவ வலிய பத்துன்னு வச்சு சொல்றேன்.

இப்ப எப்ப ஆரம்பிச்சதுன்னு. போன வருஷம் ஆடி மாசம், 2024 ஆகஸ்ட்டுல, மொதல்ல வெறும் வயித்துல டீ குடிச்சா மட்டும் எரிஞ்சது, நானும் டீயக் கொறைச்சேன். செப்டம்பர், அக்டோபர்ல தீபாவளி ஆர்டர் ஓடுனப்ப தினமும் வலி. தீபாவளிக்கு கம்பெனி பத்து நாள் லீவு விட்டாங்க, அந்தப் பத்து நாளும் எனக்கு வயிறு இருக்கறதே தெரியல, எண்ணெய்ப் பலகாரமா தின்னும். இத நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி சொல்றேன்.

2025 ஜனவரில வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டுனேன், பாண்டோபிரசோல் 40 காலைல வெறும் வயித்துல 14 நாளைக்கு குடுத்தாரு. நாலாவது நாளே நல்லாயிருச்சு. முடிஞ்சு மூணு வாரத்துல மறுபடியும் அதே வலி. மார்ச்சுல ஸ்கேன் எடுத்தோம், பித்தப்பைல கல்லு இல்ல, கல்லீரல்ல கொழுப்பு கிரேடு 1-ன்னு போட்டிருக்கு. ரத்தத்துல ஹீமோகுளோபின் 9.8. இரும்பு சத்து மாத்திரை ஏப்ரல்ல இருந்து மே கடைசி வரைக்கும் சாப்பிட்டேன், மலம் கருப்பா போச்சு, அது மாத்திரையாலதான்னு சொன்னாங்க, விட்டுட்டேன்.

ஆனா டாக்டர், மாத்திரைய நிறுத்தி மூணு வாரம் கழிச்சு, ஜூன் கடைசில, ரெண்டு நாள் திரும்பவும் கருப்பா போச்சு. இந்த தடவை வேற மாதிரி, தார் மாதிரி பிசுபிசுன்னு, நாத்தமும் வேற. தண்ணி ஊத்துனாலும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்ப படி ஏறுனா மூச்சு வாங்குச்சு. யார்கிட்டயும் சொல்லல, இதப் போயி எப்படி சொல்றதுன்னு. ரெண்டு நாளைக்கு முன்னாடி உங்க நர்ஸ் அக்காகிட்ட போன்ல சொன்னப்ப அவங்க பதறிட்டாங்க, மறுபடி அப்படி போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ சனிக்கிழமைன்னு உக்காந்திருக்காம உடனே கெளம்பி வரணும்னாங்க. சரிங்கன்னேன். இப்போதைக்கு சாதாரணமாத்தான் போகுது.

எடை போன வருஷம் 61, இப்ப கம்பெனி பக்கத்துல இருக்கற மெஷின்ல 56.5. இளைக்கணும்னு நான் ஒண்ணும் பண்ணல. ஜாக்கெட்டெல்லாம் லூஸாயி நானே பிடிச்சு தைச்சேன்.

இனி முக்கியமான விஷயம். அந்த ஜனவரி டாக்டர் "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா"ன்னு கேட்டாரு. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, காலைல ஒண்ணுன்னு சொன்னேன், வேற இல்லைன்னுட்டேன். பொய் சொல்லணும்னு சொல்லலீங்க. எனக்கு அது மாத்திரைன்னே மனசுல படல. தோள்பட்டை வலிக்கு மருந்துக்கடைல செட்டு வாங்கிப் போடுவேன். எங்க லைன்ல முக்காவாசிப் பேரு போடறதுதான், டீ வாங்கற மாதிரி, நாலரை மணி டீ பிரேக்ல யாராச்சும் ஒருத்தர் போயி அஞ்சு பேருக்கு சேத்து வாங்கிட்டு வந்துருவாங்க. சின்ன காக்கி கவர்ல மூணு மாத்திரை, பேரு எதுவும் இருக்காது. ஒண்ணு ஆரஞ்சுக் கலர் பெருசு, ஒண்ணு வெள்ளை நீளமானது, ஒண்ணு குட்டியூண்டு வெள்ளை, கடுகவிட கொஞ்சம் பெருசு.

2023 டிசம்பர்ல இருந்து போடறேன். மொதல்ல வாரத்துக்கு ரெண்டு, ஆர்டர் அர்ஜெண்ட்டா இருந்தா தினமும், சில நாள் மத்தியானம் ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. சோத்துக்கு மேலயெல்லாம் போடல, டீயோட போட்டு முழுங்கறதுதான். தீபாவளி லீவுல போடவே இல்ல, ஏன்னா மெஷின்ல உக்காரல, தோளு வலிக்கல.

இந்த செட்டாலதான் வலி வருதோன்னு எனக்கு எப்படித் தோணுச்சுன்னா, நீங்க போன தடவை என் வீட்டுக்காரருக்கு சுகர் பாக்கறப்ப "என்ன சாப்பிட்டீங்கன்னு பத்து நாள் எழுதிட்டு வாங்க"ன்னு சொன்னீங்கல்ல, அவரு எழுதல, நான் எனக்கு எழுதுனேன். தினசரி காலண்டர்ல கிழிக்கற தாளோட பின்பக்கம். எல்லாரும் காரம்தான் காரணம்னு சொல்லிட்டே இருந்தாங்க, மாமியார் பச்சை மிளகாயவே வீட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டாங்க. நானும் அதப் பிடிக்கலாம்னுதான் எழுத ஆரம்பிச்சேன். தாளு சொல்றது வேறயா இருக்கு.

11 திங்கள்: காலைல பழைய சோறு மோரு, மத்தியானம் அரிசியும்பருப்பு சாதம், காரமே இல்ல. நாலரைக்கு டீ, செட்டு. ராத்திரி 2.10-க்கு வலி, ஏழு மார்க். 12 செவ்வாய்: இட்லி, ரசம் சோறு, மறுபடி செட்டு, 1.45-க்கு வலி. 13-ந்தேதி கடைல கேட்டு ஓமெப்ரசோல் 20 வாங்கி ஆரம்பிச்சேன், தினமும் காலைல ஒண்ணு, இன்னிக்கு வரைக்கும் ஓடுது. 15, 16 லீவு. 17 ஞாயிறு கோழிக் கொழம்பு, மெளகு தூக்கலா, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், ராத்திரி நல்லா தூங்குனேன். 18 திங்கள் வேலை, ஆனா செட்டு போடல, ராத்திரி பரோட்டா, வயிறு உப்பி ஏப்பம் ஏப்பமா வந்துச்சு, அந்த எரிச்சல் வரல. 19 செவ்வாய் தோளு தாங்கல, செட்டு போட்டேன், ராத்திரி 2 மணிக்கு எட்டு மார்க், ஒரு தடவை வாந்தி, புளிச்ச தண்ணி மட்டும், ரத்தம் இல்ல.

17, 18 நல்லா இருந்தது செட்டு போடாததாலயா, ஓமெப்ரசோல் வேலை செஞ்சதாலயான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. 19-ந்தேதி ஓமெப்ரசோல் சாப்பிட்டும் வலி வந்துச்சுங்கறத மட்டும் சொல்றேன். இப்ப ரெண்டு நாளா செட்டத் தொடல.

சாப்பாட்டுல நெசமாவே சேராதது ரெண்டுதான்: வெறும் வயித்துல டீ, அப்புறம் பால். பாலு குடிச்சா ஒடனே குளுகுளுன்னு இருக்கும், ஒரு மணி நேரத்துல முன்னவிட ஜாஸ்தியா எரியும். கொள்ளு ரசம் கேஸ் ஆகும், அவ்வளவுதான். வேலை நாள்ல ராத்திரி சாப்பாடு ஒன்பதரைக்கு மேலதான் ஆகுது, சாப்பிட்டு ஒடனே படுத்துருவேன். வெத்தலை பாக்கு போடுவேன், பொகையிலை இல்ல. சீரகத் தண்ணி, சுக்குக் காபி, ஓமத் தண்ணி எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, பிங்க் கலர் ஆன்டாசிட் டானிக் குடிச்சா ஒரு மணி நேரம் தாங்கும்.

இன்னும் கொஞ்சம்: சல்ஃபா மாத்திரை எனக்கு ஆகாது, ஒருக்கா சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. சுகர் இல்ல, மார்ச்சுல வெறும் வயித்துல 96. எங்கப்பாவுக்கு வயித்துல ஓட்டை விழுந்து கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணுனாங்க, நான் அப்ப ஆறாவது படிச்சேன், அவரும் மூட்டு வலிக்கு மாத்திரை போடறவருதான். அப்புறம் ஒரு வருஷமா எனக்கு மாசா மாசம் ரத்தப்போக்கு அதிகம், ஆறேழு நாள் போகுது. ஹீமோகுளோபின் கொறைஞ்சது அதனாலயும் இருக்கலாம்னு தோணுது, வயித்த மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்கன்னு சொல்றேன்.

கேக்க வேண்டியது சிலது இருக்குங்க. குழாய் விட்டுப் பாக்கணும்னா, அன்னிக்கே பண்ணுவீங்களா, எத்தனை மணி நேரம் பட்டினி? எனக்கு இஎஸ்ஐ கார்டு இருக்கு, அங்க எழுதிக் குடுத்தா பண்ணுவாங்களா? பயமா இருக்கு, ஆனா பண்ணணும்னா பண்ணிக்கறேன். அந்த வயித்துக் கிருமி டெஸ்ட்டு இருக்குல்ல, ஹெச். பைலோரி, அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கேஸ் மாத்திரை சாப்பிடக் கூடாதுன்னு ஜனவரி டாக்டர் சொல்லி, கடைசில டெஸ்ட்டே எடுக்கல. இப்ப ஓமெப்ரசோல நிறுத்தணுமா, ஓட விடணுமா? நானா நிறுத்தல, நீங்க சொல்றதுக்காக வச்சிருக்கேன். பிரஷர் மாத்திரை வழக்கம் போலத்தானே? தோளுக்கு என்ன பண்றதுன்னும் சொல்லுங்க, அது இல்லாம பத்து மணி நேரம் மெஷின்ல உக்கார முடியாது, உக்காரலைன்னா சம்பளம் இல்ல. வயித்தக் கெடுக்காத மாத்திரையோ, தடவற மருந்தோ, பயிற்சியோ, எதுன்னாலும் செய்யறேன்.

வர்றப்ப ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த ரிப்போர்ட், காலண்டர் தாளு, மீதி இருக்கற ஒரு காக்கி கவரு எல்லாம் எடுத்துட்டு வர்றேன். கடைல அட்டைய நறுக்கித்தான் குடுப்பாங்க, ஆரஞ்சு மாத்திரையோட துண்டு அட்டைல "டைக்ளோ"ன்னு பாதி வரைக்கும் இருக்கு. குட்டி வெள்ளை எதுன்னு தெரியல, ஸ்டீராய்டா இருக்கும்னு லைன்ல ஒரு பொண்ணு சொல்லுச்சு. அது என்னன்னு நீங்க பாத்துச் சொல்லணும், அத திடுதிப்புன்னு நிறுத்துனா ஏதாச்சும் ஆகுமான்னும்.

என் வீட்டுக்காரரும் கூட வருவாரு. அந்த தார் மாதிரி போனதும், மாசாமாசம் ஜாஸ்தியா போறதும் அவருக்கு இன்னும் தெரியாது, அத மட்டும் அவர வெளிய உக்கார வச்சுட்டு கேளுங்க டாக்டர். செட்டு விஷயம் அவரு முன்னாடியே கேக்கலாம், அவரும்தான் போடறாரு.