களி பதம்

கருப்பட்டிப் பாகு கொதித்தது. ஆச்சி உளுந்து மாவைத் தூவி, நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே துடுப்பை நிறுத்தாமல் சுழற்றினாள். நான் செல்போனைக் கிட்டே கொண்டுபோனேன்.

"கண்ணுல புகை பட்டுரும், தள்ளி நில்லுல."

நான் போடும் ஆச்சியின் சமையல் வீடியோக்களை பிஜி, நார்வே என்று எங்கெங்கிருந்தோ பார்க்கிறார்கள். அன்று இரவு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளுடைய பாட்டியும் இதைக் கிண்டுவாராம். பெயர் மறந்துபோச்சாம், தமிழும் போய்விட்டதாம். எண்ணெய் எவ்வளவு என்று கேட்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"கையில ஒட்டாம வார வரைக்கும் ஊத்தணும்னு சொல்லு. நாளைக்கு இன்னொருக்க கிண்டுதேன். அவளுக்குத் தெரியுத மாதிரி மெதுவா எடு."