ஞாயிறு மதிய விருந்து: சமையல் வரிசையும் நேரமும்

மொத்தம் 60 பேர். சரியாக 1 மணிக்குப் பரிமாற ஆரம்பிக்கிறோம். கை கொடுக்க நிறையப் பேர் இருக்கிறோம், அடுப்புதான் போதாது: பெரிய பர்னர் ஒன்று, சின்னது இரண்டு. அதனால் கை சும்மா இருக்கிறதே என்று எதையும் முன்கூட்டி அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

சனி மாலை 5: கஸ்டர்ட் காய்ச்சி அகலத் தட்டுகளில் ஊற்றுங்கள். ஆழமான பாத்திரத்தில் வைத்தால் நடுவில் சூடு தணியாது. 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

இரவு 9: கொண்டைக்கடலை 3 கிலோவை நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். கோழி 9 கிலோ, மசாலா தடவி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். வெங்காயம் 5 கிலோவும் இன்றே உரித்துவிடுங்கள்.

ஞாயிறு காலை 7: பெரிய பர்னரில் கடலை. வேகும் நேரத்தில் வெங்காயம் நறுக்கலாம்.

8.15: இறக்கிவிட்டு வெங்காயம், அப்புறம் இஞ்சி பூண்டு, தக்காளி. ஒரு மணி நேரம் பொறுமையாக வதக்குங்கள், இரண்டு குழம்புக்கும் ருசி இதில்தான். 9.15-க்குப் பாதியைச் சின்ன அடுப்பில் கடலைக்கு எடுத்துவிட்டு, மீதியில் கோழியைப் போடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள், கரண்டி மாறவே கூடாது.

10.30: கடலைக்குழம்பை இறக்கி மூடிவையுங்கள். அந்த அடுப்பில் உருளைக்கிழங்கு.

10.45: கோழிக்குழம்பு இன்னொரு சின்ன அடுப்புக்கு. பரிமாறும்வரை சிறு தீயிலேயே ஆவி பறக்க இருக்கட்டும்.

11: இனி சோறுதான். 6 கிலோ அரிசியை ஒரே பானையில் போட்டால் அடி குழைந்து மேலே விதைவிதையாக நிற்கும், போன விசேஷத்தில் அப்படித்தான் ஆனது. 3 கிலோவாக இரண்டு தடவை வடிப்போம். பெரிய பர்னரில் முதல் உலை. 11.15-க்கு உருளைக்கிழங்கை இறக்கியதும் அங்கே இரண்டாவது உலைத்தண்ணீர், மூடி போட்டு. அது சுடாமல் இருந்தால் அரை மணி நேரம் வீண்.

11.40: முதல் அரிசி. 12.05-க்கு வடித்து, துணி விரித்து மூடுங்கள். 12.15-க்கு இரண்டாவது அரிசி, பெரிய பர்னரில். காலியான சின்ன அடுப்பில் உருளை வறுவல். பக்கத்தில் ஒருவர் வெள்ளரி, கேரட் நறுக்கலாம். உப்பு மட்டும் 12.50-க்குத்தான், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும்.

12.40: இரண்டாவது சோறு வடித்ததும் கடலைக்குழம்பு பெரிய பர்னரில், நடுவிலும் நன்றாகக் கொதிக்கும்வரை. கோழியில் தடித்த துண்டு ஒன்றை எலும்பு ஓரமாகப் பிட்டுப் பாருங்கள், சிவப்பு தெரிந்தால் தீயைக் கூட்டுங்கள்.

தாமதமானால் வறுவல் அப்புறம் வரட்டும். சோறும் இரண்டு குழம்பும் 1 மணிக்கு மேஜையில் இருக்க வேண்டும்.