விநியோகம் தொடங்குமுன்: தன்னார்வலர்களுக்கு ஒருங்கிணைப்பாளரின் அறிவுறுத்தல்

எல்லோரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கத்திப் பேச வேண்டாம். மணி ஏழேகால். எட்டு மணிக்கு வாயில் திறக்கும். வெளியே இப்போதே ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள், நாம் சிரித்துப் பேசுவதுகூட அவர்கள் காதில் விழும்.

முதலில் கணக்கு. வெள்ளத்தில் வீடு இழந்த 240 குடும்பங்களுக்கு நேற்று டோக்கன் கொடுத்திருக்கிறோம். மணிக்கு 60 குடும்பம் என்று நேரம் எழுதியே கொடுத்தோம். மதியம் பன்னிரண்டுக்குள் முடிய வேண்டும். கையிருப்பு 260 பெட்டிகள். கூடுதலாக இருக்கும் இருபதும் கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்கு. நமக்குத் தெரிந்தவர்களுக்கு அல்ல.

ஒரு பெட்டி ஐந்து பேருக்கானது. போர்வை, தார்ப்பாய், இரண்டு வாளி, 125 கிராம் குளியல் சோப்பு பத்து, சானிட்டரி நாப்கின். சோப்பு ஏன் பத்து என்றால், ஆளுக்கு மாதம் 250 கிராம் என்பது நிவாரணப் பணிக்கான உலகளாவிய ஸ்பியர் தர நெறிகள் சொல்லும் அளவு. வாளி இரண்டு இருப்பதும் தாராளத்தால் அல்ல: ஒன்று தண்ணீர் கொண்டுவர, மூடியுள்ள மற்றொன்று குடிநீரைச் சேமிக்க. ஆகையால் ‘ஒரு வாளியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமே’ என்று யாரும் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். ஆறு பேரும் அதற்கு மேலும் உள்ள குடும்பங்களுக்கு நீல நிற டோக்கன். அவர்களுக்குத் துணைப் பை ஒன்று உண்டு. இதையெல்லாம் வாயிலில் உள்ள பலகையில் பெரிதாக எழுதியாயிற்று. படிக்க இயலாதவர்களுக்காக ஒரு பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்திருக்கிறோம். என்ன கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

இனிப் பொறுப்புகள். வாயிலில் இருவர்: டோக்கன் நேரத்தைப் பார்த்து உள்ளே விடுவீர்கள். முன்னதாக வந்தவரைத் துரத்த வேண்டாம், நிழலில் உட்காரச் சொல்லுங்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இடப்பக்கம் தனி வரிசை, நாற்காலியும் உண்டு. ‘அவர்களுக்கு மட்டும் ஏன்?’ என்று மற்றவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், முறைக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள்.

வரிசையைப் பார்த்துக்கொள்ள நால்வர். உங்கள் வேலை காவல் அல்ல, தகவல். அரைமணிக்கு ஒருமுறை வரிசையின் கடைசிவரை நடந்து சென்று, எந்த எண் ஓடுகிறது, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லுங்கள். குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரையும் தோளைப் பிடித்துத் தள்ளக் கூடாது, கையில் குச்சி கூடாது, விரல் நீட்டி ‘ஏய்’ என்று அழைப்பதும் கூடாது. வயது எதுவானாலும் ‘வாங்க, போங்க’தான்.

பதிவு மேசையில் இருப்பவர்கள்தான் இன்று கவனமாக இருக்க வேண்டியவர்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம். டோக்கன் எண், குடும்பத்தில் எத்தனை பேர், கையொப்பம் அல்லது கைவிரல் ரேகை, அவ்வளவுதான். வீடு எப்படிப் போயிற்று, யார் இறந்தார்கள், எந்தச் சாதி, எந்தக் கட்சி, ஏன் கணவர் வரவில்லை என்பவை நம் படிவத்தில் இல்லாத கேள்விகள். வாயிலும் வரக் கூடாது. தாமாகச் சொல்லி அழுதால் கேளுங்கள், எழுதாதீர்கள். அடையாள அட்டை கேட்டு யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்: வீட்டையே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அட்டையை மட்டும் விட்டுவைத்திருக்காது. டோக்கனும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை என்றால் ‘உங்களுக்கு இல்லை’ என்று சொல்லிவிடும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. உதவி மேசைக்கு அனுப்புங்கள். பட்டியலை மேசைமேல் விரித்து வைக்காதீர்கள், கைப்பேசியில் படமும் எடுக்காதீர்கள். உங்கள் உறவினரோ பக்கத்து வீட்டாரோ வந்தால் அந்த ஒருவருக்கு மட்டும் அடுத்த மேசைக்காரர் பதிவு செய்யட்டும்.

வழங்கும் மேசையில் அறுவர், அதில் குறைந்தது மூவர் பெண்கள். பெட்டியை இரு கையாலும் எடுத்து, முகத்தைப் பார்த்து, என்னென்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். தூக்கிப் போடுவது, தரையில் தள்ளிவிடுவது, லாரியிலிருந்து வீசுவது எதுவும் இங்கே கிடையாது. அவர்கள் நமக்கு நன்றி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்குவார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். சென்ற வாரம்வரை தன் வீட்டில் தன் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர், இன்று வாளிக்காக வரிசையில் நிற்கிறார். கோபம் நம்மீது அல்ல. சுமக்க முடியாதவர்களுக்கு வெளி வாசல்வரை தூக்கிக் கொடுக்க இரண்டு பேர் தனியாக நிற்கிறார்கள். அதற்காகப் பணம் நீட்டினாலும் வாங்கக் கூடாது.

கிடங்கில் இருப்பவர்கள் ஐம்பது பெட்டி வெளியேறும்போதெல்லாம் எண்ணி என்னிடம் சொல்லுங்கள். இருப்பு குறைகிறது என்றால் வரிசையில் நிற்பவர்களிடம் நானே வந்து சொல்வேன். இரண்டு மணிநேரம் வெயிலில் நிற்கவைத்துவிட்டுக் கடைசியில் கையை விரிப்பதைவிட மோசமான அவமதிப்பு வேறில்லை.

புகைப்படம் வேண்டவே வேண்டாம். நம் ஆவணத்துக்குப் பெட்டிகளின் படம் போதும். பெட்டியை வாங்கும் கையோடு சிரித்து நிற்கும் படம் நன்கொடையாளர் கேட்டாலும் கிடையாது. கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர்களைக் கண்ணியமுள்ள மனிதர்களாகவே காட்ட வேண்டும் என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட நடத்தை நெறியே சொல்கிறது. எந்தப் பதாகையும் உள்ளே வராது, யார் கொண்டுவந்தாலும்.

அடுத்ததைக் கடுமையாகவே சொல்கிறேன். பெட்டிக்கு ஈடாகப் பணமோ, கைப்பேசி எண்ணோ, வேறு எந்த ‘உதவியோ’ கேட்பது சுரண்டல். பாலியல் நோக்கத்தோடு ஒரு சொல் சொன்னாலும் அந்த நிமிடமே இங்கிருந்து வெளியேற வேண்டும், அதோடு முடியாது, புகாரும் போகும். பார்த்தவர் சும்மா இருப்பதும் குற்றமே. என்னிடம் சொல்லலாம், என்னைப் பற்றியே புகார் என்றால் உதவி மேசையில் இருக்கும் பெண் அலுவலரிடம் சொல்லலாம். வருபவர்களுக்கும் அதே மேசைதான், பெயர் சொல்லாமலும் பேசலாம்.

தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டால் ‘நான் சித்தப்பா’ என்று வரும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். இருவர் சேர்ந்து உதவி மேசைக்கு அழைத்து வாருங்கள். யாராவது பால்மாவு டப்பா கொண்டுவந்து கொடுத்தால் அதை வழங்க வேண்டாம், ஓரமாக வைத்துவிடுங்கள். அசுத்தமான தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். தேவைப்படும் தாயைச் சுகாதாரப் பணியாளர் பார்த்துக்கொள்வார்.

நெரிசல் வந்தால் நான் மூன்று முறை விசில் அடிப்பேன். அப்போது வழங்குவது உடனே நிற்கும், பெட்டி ஒன்றும் கண்ணில் படக் கூடாது. வரிசையில் நிற்பவர்கள் முன்னே இருப்பவர்களைத் தள்ளாதபடி பின்புறத்திலிருந்து கலைக்கத் தொடங்குங்கள். வெளிவாசல் எப்போதும் திறந்திருக்கட்டும். அங்கே பைக் நிறுத்தினால் நானே நகர்த்துவேன்.

நீங்கள் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் பின்கட்டில், முறைவைத்து. பசியோடு நிற்பவர் முன் பொட்டலம் பிரிக்க வேண்டாம். தலைசுற்றினால் மறைக்காமல் சொல்லி உட்காருங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே கேளுங்கள். மற்றவர்கள் மஞ்சள் மேலங்கியை வாங்கிக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போகலாம். பதிவு மேசைக்காரர்கள் மட்டும் நில்லுங்கள், பேனாவும் மைப்பெட்டியும் எண்ணித் தருகிறேன்.