கயிற்று பில் பாக்கி: ஈத்தாமொழியிலிருந்து மார்த்தாண்டம் கடைக்குப் போன நினைவூட்டல்கள்

2 செப்டம்பர் 2025, வாட்ஸ்அப்

அண்ணாச்சி, வணக்கம். ஓணத்துக்குக் கடையில் நல்ல ஓட்டமா? ஆகஸ்ட் 5-ஆம் தேதி இறக்கிய 1,200 கிலோ கயிறு, 118-ஆம் நம்பர் பில், 4-ஆம் தேதியோடு முப்பது நாள் ஆகிறது. கிலோ 75 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 94,500. மறுநாளே ஓணம், உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பண்டிகை கழிந்து 8-ஆம் தேதி திங்கள்கிழமை போட்டுவிட்டால் போதும்.

12 செப்டம்பர், வாட்ஸ்அப்

அண்ணாச்சி, 118-ஆம் நம்பர் பில் இன்னும் வரவாகவில்லை. கணக்கு எழுதுகிறவர் கைக்குப் போகவில்லையோ என்னவோ, பில்லை மறுபடி படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சரக்கில் ஏதாவது குறை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். ஆடி மழையில் முறுக்கிய கட்டு ஒன்றிரண்டில் ஈரம் நின்றிருக்கலாம். அப்படியானால் மாற்றித் தருகிறேன்.

29 செப்டம்பர், வாட்ஸ்அப்

அண்ணாச்சி, நேற்று போனில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். சரக்கில் குறை இல்லை, காண்ட்ராக்டர் உங்களுக்குத் தரவேண்டியது நிற்கிறது, அதுதான் காரணம் என்றீர்கள். வெளிப்படையாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று. என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நார் காயாது. அதற்கு முன்னால் தேங்காய்க் கதம்பை வாங்கிப் போட்டால்தான் கார்த்திகைக்குக் கயிறு இருக்கும். கதம்பைக்காரர் ரொக்கம் இல்லாமல் லோடு இறக்க மாட்டார். கயிறு முறுக்குகிற அக்காமார் ஆறு பேருக்குச் சனிக்கிழமை கூலி. போன இரண்டு சனிக்கிழமையும் வீட்டு நகையை வைத்துத்தான் கொடுத்தேன்.

மொத்தமாக முடியாது என்றால் இரண்டாகப் பிரிப்போம். ஆயுத பூசை கழிந்து அக்டோபர் 6-ஆம் தேதி 50,000, தீபாவளி கழிந்து 25-ஆம் தேதி 44,500. சரி என்று ஒரு வார்த்தை இதிலேயே போட்டுவிடுங்கள், எனக்கும் கணக்கில் குறித்துக்கொள்ள வசதி.

28 அக்டோபர், வாட்ஸ்அப்

அண்ணாச்சி, 7-ஆம் தேதி 50,000 வந்தது, நன்றி. மீதி 44,500-க்கு 25-ஆம் தேதி என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். தேதி தாண்டி மூன்று நாள் ஆகிறது. நேற்று இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

உங்கள் மகன் இன்னும் 600 கிலோ கேட்டிருக்கிறார். கயிறு தயாராக இருக்கிறது. ஆனால் பழைய பாக்கி தீராமல் வண்டி ஏற்ற என்னால் முடியாது. அவரிடம் இதைச் சொல்ல எனக்குச் சங்கடம், நீங்களே சொல்லிவிடுங்கள். நவம்பர் 5-க்குள் முடித்துத் தாருங்கள்.

10 நவம்பர், வாட்ஸ்அப்

அண்ணாச்சி, ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் வரும். தபால்காரர் கையால் தெரிந்துகொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வக்கீல் நோட்டீஸ் அல்ல, நான் எழுதியதுதான். அதே கடிதம் கீழே.

*ஈத்தாமொழி, 10.11.2025*

*மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,*

*பொருள்: 05.08.2025 தேதியிட்ட 118-ஆம் நம்பர் பில், நிலுவை ரூ. 44,500.*

*மேற்படி பில்லுக்கான முப்பது நாள் கெடு 04.09.2025 அன்று முடிந்தது. 07.10.2025 அன்று ரூ. 50,000 பெற்றுக்கொண்டேன். மீதித் தொகை இன்றுவரை வரவில்லை. நவம்பர் 5 என்று நான் கேட்டதற்கும் பதில் இல்லை.*

*எங்கள் கயிற்றுத் தொழில் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி எங்களைப் போன்றவர்களுக்குப் பேசிய கெடுவுக்குள் பணம் தரவேண்டும். அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக உண்டு. வங்கி விகிதம் இன்று 5.75 சதவீதம் என்பதால் வட்டி ஆண்டுக்கு 17.25 சதவீதம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் செலுத்தாவிட்டால் தாங்கள் எடுத்த ஜிஎஸ்டி வரவில் நிலுவைக்கு உரிய பங்கைத் திருப்ப வேண்டியும் வரும். அந்த 180 நாள் 01.02.2026 அன்று முடிகிறது.*

*20.11.2025-க்குள் ரூ. 44,500 வந்து சேர்ந்தால் வட்டி கேட்கமாட்டேன். வராவிட்டால் அரசின் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தில் வட்டியோடு மனுப் போடுவேன். பில்லில் மறுப்பு ஏதும் இருந்தால் அதற்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.*

*இப்படிக்கு,*
*ஈத்தாமொழி கயிற்றுக்காரன்*

19 நவம்பர், வாட்ஸ்அப்

அண்ணாச்சி, 44,500 காலையில் ஏறிவிட்டது. 118-ஆம் நம்பர் பில் தீர்ந்தது, ரசீது இத்துடன். வட்டி கிடையாது. மகனுக்கான 600 கிலோவை மழை விட்டால் வெள்ளிக்கிழமை ஏற்றுகிறேன். இந்தத் தடவை பாதிப் பணம் வண்டி ஏறும்போது, மீதி முப்பது நாளில். அது சரிதானே? கடிதத்தில் "அவர்களுக்கு" என்று எழுதியதற்கு அண்ணி சிரித்ததாக உங்கள் மகன் சொன்னார். வீட்டில் கேட்டதாகச் சொல்லுங்கள்.