சேவலைச் சுற்றி அழித்த பிக்சல்கள் எங்கே போயின?

எல்லாரும் திரையைப் பாருங்கள். நம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டு முற்றத்தில் எடுத்த சேவல் படம் இது. அறிவியல் கண்காட்சி போஸ்டருக்குச் சேவல் மட்டும் போதும். பின்னால் தெரியும் பச்சைக் குடமும் கொடியில் காயும் துணியும் வேண்டாம். படங்களைத் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பில் திறந்திருக்கிறேன். இப்போது அழிப்பானை எடுத்துக் குடத்தின் மேல் தேய்க்கிறேன்.

என்ன ஆனது? குடம் போனது, வெள்ளை வந்தது. நான் அழித்தேன் என்று நினைத்தேன், ஜிம்ப் வெள்ளை பூசிவிட்டது. இந்த வெள்ளையோடு நீல நிறப் போஸ்டரில் ஒட்டினால் சேவல் ஒரு வெள்ளைச் சதுரத்துக்குள் நிற்கும்.

இதில் ஜிம்ப்பின் தப்பு எதுவும் இல்லை. போன வாரம் பார்த்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றையும் எப்படிக் கலந்தாலும் மொத்தம் 1,67,77,216 சேர்க்கைகள். அத்தனையும் ஏதாவது ஒரு நிறம்தான். 0, 0, 0 போட்டால் கறுப்பு. 255, 255, 255 போட்டால் வெள்ளை. ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று சொல்ல ஒரு சேர்க்கைகூட மிச்சமில்லை. ஆகவே அந்தத் தகவலை எழுதி வைக்கத் தனியாக ஓர் இடம் வேண்டும். நான்காவதாக ஓர் எண். அதுதான் ஆல்ஃபா.

செய்ததை `Ctrl+Z` போட்டுத் திரும்பப் பெறுகிறேன். இப்போது `Layer > Transparency > Add Alpha Channel`. படத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை, இல்லையா? ஆனால் வலப்பக்கம் லேயர் பெயரைக் கவனியுங்கள். தடித்த எழுத்தில் இருந்தது சாதாரண எழுத்தாகிவிட்டது. ஆல்ஃபா இல்லாத லேயரின் பெயரைத்தான் ஜிம்ப் தடிமனாகக் காட்டும். இப்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்காவது எண் வந்துவிட்டது, எல்லாவற்றிலும் 255. முழுதாகத் தெரிகிறது என்று அர்த்தம்.

மறுபடி குடத்தின் மேல் தேய்க்கிறேன். சாம்பல் நிறக் கட்டங்கள் தெரிகின்றன. அந்தக் கட்டம் படத்தில் இல்லை. ‘இங்கே ஆல்ஃபா 0’ என்று நமக்குக் காட்ட ஜிம்ப் பின்னால் விரித்து வைக்கும் அடையாளம் அது. போஸ்டரில் அச்சாகாது.

சரி, குடத்தின் பிக்சல்கள் எங்கே போயின? கடைசி பெஞ்சிலிருந்து “டெலீட் ஆயிடுச்சு” என்று ஒரு குரல். இல்லை. நம் வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒருவன் வரவில்லை என்றால் அவன் பெயரை நான் கிழித்தா எறிகிறேன்? பெயர் அதே வரிசை எண்ணில் இருக்கிறது, பக்கத்துக் கட்டத்தில் மட்டும் வரவில்லை என்ற குறி. ஆல்ஃபா சேனல் அப்படி ஒரு பதிவேடு.

படம் எப்போதும் செவ்வகம்தான். இந்தப் படம் 1200 × 800, அதாவது 9,60,000 பிக்சல்கள். சேவலைத் தவிர எல்லாவற்றையும் அழித்தாலும் 9,60,000தான். பிக்சலுக்கு 3 பைட் என்று இருந்தபோது நினைவகத்தில் 28,80,000 பைட் எடுத்துக்கொண்டது. ஆல்ஃபா சேர்ந்ததும் 38,40,000. அழிக்கப் போய் இடம் கூடியிருக்கிறது! வட்டில் சேமிக்கும்போது பிஎன்ஜி சுருக்கிவிடும், அது வேறு கணக்கு.

நம்பிக்கை வரவில்லை என்றால் சோதித்துப் பார்த்துவிடலாம். பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்கிறேன். அந்தப் பெட்டியில் `Save color values from transparent pixels` என்று இருக்கிறது பாருங்கள், அதை டிக் செய்கிறேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும் இப்போது. பைத்தானுக்கு வருவோம்.

```python
from PIL import Image
img = Image.open("seval.png")
print(img.getpixel((40, 60)))
```

குடம் இருந்த இடத்திலுள்ள ஒரு பிக்சலைக் கேட்டேன். `(38, 141, 74, 0)` என்று பதில் வருகிறது. முதல் மூன்றும் பிளாஸ்டிக் குடத்தின் பச்சை, அப்படியே இருக்கிறது. கடைசி எண் 0. ‘காட்டாதே’ என்பதற்கு அவ்வளவுதான் பதிவு. இன்னும் இரண்டு வரி:

```python
img.putalpha(255)
img.show()
```

குடம் வந்துவிட்டது! துணியும் வந்துவிட்டது. எல்லாப் பிக்சலுக்கும் 255 என்று நான்காவது எண்ணை மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. ஜிம்ப்பிலும் இதற்கு வழி இருக்கிறது: அழிப்பானில் `Anti erase` என்று ஒரு டிக்.

ஆல்ஃபாவை மட்டும் தனியாகப் பார்க்க `img.getchannel("A").show()` போடலாம். ஆனால் `putalpha` போட்டு எல்லாவற்றையும் 255 ஆக்கிவிட்டோம், அதனால் கோப்பை மறுபடி திறந்துவிட்டுப் போடுகிறேன். கறுப்புத் திரையில் வெள்ளைச் சேவல். கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. எதை நீக்கினோம் என்ற பதிவு, தானே ஒரு படமாக நிற்கிறது.

வால் பக்கம் பெரிதாக்குகிறேன். இறகின் ஓரத்தில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, சாம்பல். நீக்கியது, நீக்காதது என்று இரண்டே நிலை போதும் என்றால் 0, 1 போதுமே, எதற்கு 256 நிலை? காரணம் இந்த ஓரம்தான். மெல்லிய இறகு ஒரு பிக்சலில் பாதியைத்தான் மறைக்கும். அங்கே ஆல்ஃபா 128 என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய பாதி. இறகின் நிறம் 200, 60, 20. போஸ்டரின் நீலம் 0, 90, 180. இரண்டிலும் பாதிப் பாதி எடுத்துக் கூட்டுங்கள். யார் முதலில்? ஆம், 100, 75, 100. கண்ணுக்கு அது போஸ்டரிலேயே பிறந்த ஓரம் மாதிரி தெரியும். பலகையில் எழுதுகிறேன்:

```
நிறம் = ஆல்ஃபா × மேல் + (1 − ஆல்ஃபா) × கீழ்
```

இதில் ஆல்ஃபாவை 255ஆல் வகுத்துவிட்டுப் போட வேண்டும். கிஃப் படங்களில் இந்த நடுநிலையே கிடையாது, தெரியும் அல்லது தெரியாது. அதனால்தான் அவற்றின் ஓரங்கள் ரம்பப் பல் போல இருக்கும்.

ஆல்ஃபா சேனலை யோசித்தவர்கள் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர். 1970களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில். பிறகு 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் படத்தின் மேல் படம் வைக்கும் கணக்குகளை முறையாக எழுதினார்கள். சினிமாவுக்காகப் பிறந்த வேலை இது, இப்போது உங்கள் ஸ்டிக்கர் ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

போஸ்டர் வேலைக்கு ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. அழித்து முடித்துவிட்டு `seval.jpg` என்று சேமித்தால் பதிவேடு தொலைந்தது, பின்னணியில் ஏதாவது ஒரு நிறம் நிரம்பிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதிதான், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

முன்பெஞ்சில் நல்ல கேள்வி: “அப்போ ஃபோன் நம்பரை அழிச்சிட்டு அனுப்பினா, வேற யாராவது திரும்ப எடுக்கலாமா சார்?” எடுக்கலாம், நாம் குடத்தை எடுத்தது போலவே. மறைக்க வேண்டியதன் மேல் அழிப்பான் வேண்டாம். கறுப்பு பூசி, `Image > Flatten Image` கொடுத்து ஒரே லேயராக்கி, ஏற்றுமதி செய்யுங்கள். அப்போது பழைய எண்களின் மேலேயே புது எண்கள் எழுதப்பட்டிருக்கும்.

இனி உங்கள் கணினி. இரண்டிரண்டு பேராக `seval.png`ஐத் திறந்து, வாலின் ஓரத்தில் ஆல்ஃபா 0வும் இல்லாமல் 255உம் இல்லாமல் இருக்கும் மூன்று பிக்சல்களைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதுங்கள். அவை சிவப்புத் தாளில் விழுந்தால் என்ன நிறம் வரும் என்ற கணக்கையும் பக்கத்திலேயே போடுங்கள். மணி அடிக்கும் முன் வந்து பார்க்கிறேன்.