காகிதம் உண்மை, வாசகம் இல்லை: ஒரு பிரசாரப் பேச்சின் ஆறு கூற்றுகள்

2024 ஏப்ரல் 7, ஞாயிறு மாலை. ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில், மீன் ஏலக் கூடத்துக்குப் பக்கத்துத் திடலில் மக்களவைத் தேர்தல் பிரசாரக் கூட்டம். முதன்மைப் பேச்சாளர் 38 நிமிடம் பேசினார். அந்தப் பதிவை முழுக்க எழுத்தில் இறக்கி, சரிபார்க்கக் கூடிய ஆறு கூற்றுகளைப் பிரித்தெடுத்தோம். பேச்சாளரின் பெயரையும் கட்சியையும் இங்கே போடவில்லை. இதே வரிகளை இந்தத் தேர்தலில் வேறு வேறு கொடிகளின் கீழ் கேட்டுவிட்டோம். வாசகர்கள் ஆளைப் பார்க்காமல் கூற்றைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

முதலில் எங்கள் அளவுகோல்.

உண்மை: ஆவணம் சொல்வதும் பேச்சாளர் சொல்வதும் ஒன்றே.
பெரும்பாலும் உண்மை: சாரம் சரி, ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது.
பாதி உண்மை: சரியும் தவறும் கலந்திருக்கிறது. விடுபட்டது தெரிந்தால் கேட்பவரின் கருத்து மாறும்.
திரிபு: எண்ணோ ஆவணமோ உண்மையானது. ஆனால் அது சொல்லாத ஒன்றைச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.
பொய்: ஆவணம் நேர் எதிராகச் சொல்கிறது.

வாக்குறுதிகளுக்கும் கருத்துகளுக்கும் மதிப்பீடு கிடையாது.

கூற்று 1: “1974 ஒப்பந்தத்திலேயே கச்சத்தீவைச் சுற்றி மீன் பிடிக்கும் உரிமையை நமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதோ இருக்கிறது காகிதம். நீங்கள் தைரியமாகப் போகலாம்.”

இந்த இடத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்துத் தூக்கிக் காட்டினார். அன்றைய கூட்டத்தில் அதிகமாகக் கைதட்டல் விழுந்தது இதற்குத்தான். பதிவை நிறுத்திப் பார்த்தால் தாளில் இருப்பது, கச்சத்தீவை இலங்கையின் பக்கம் விட்டு எல்லைக்கோடு போட்ட 1974 ஜூன் ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகம். ஜூன் 26 அன்று கொழும்பில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 28 அன்று டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட அதே ஒப்பந்தம். காகிதம் உண்மை. அதில் இருப்பதாக அவர் சொன்னதுதான் இல்லை.

5வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை. 6வது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் கடலில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகளை அனுபவிக்கும் என்கிறது. இந்த இரண்டு பிரிவுகளிலும் ‘மீன்பிடிப்பு’ என்ற சொல் வரவில்லை. வலை உலர்த்தும் உரிமை என்று காலங்காலமாக மேடையில் சொல்கிறார்களே, அதுவும் வாசகமாக இல்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1974 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங், கடல் போக்குவரத்து, மீன்பிடிப்பு, யாத்திரை உரிமைகள் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். மீனவர்கள் அதை நம்பியதில் தவறே இல்லை. ஒரு நாட்டின் அமைச்சர் அவையில் சொன்ன சொல் அது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லைக்கோடு போட்டபோது இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். இலங்கையின் வரலாற்று நீர்ப்பரப்பு, கடல் எல்லை, தனிப் பொருளாதார மண்டலம் ஆகியவற்றில் இந்தியப் படகுகளும் மீனவர்களும் இலங்கையின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. இலங்கைக்காரர்களுக்கு நம் பக்கம் இதே கட்டுப்பாடு. மேடையில் காட்டிய தாளோடு இந்தக் கடிதம் இல்லை.

1976 கடிதம் மன்னார் வளைகுடா எல்லையை ஒட்டி எழுதப்பட்டது, பாக் நீரிணைக்கான 1974 ஒப்பந்தத்தின் 6வது பிரிவை அது ரத்து செய்யாது என்று ஒரு சட்ட வாதம் உண்டு. அது வலுவான வாதமா என்பதை நீதிமன்றமோ இரு அரசுகளோதான் சொல்ல வேண்டும். வாதம் வேறு, கையில் உள்ள உரிமை வேறு. இலங்கை கடற்படை ரோந்துப் படகு பக்கத்தில் வந்து நிற்கும்போது இந்தத் தாளைக் காட்டிப் பயனில்லை. அந்த நாடு 2018-ல் தன் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பெரிதாக உயர்த்தியிருக்கிறது. படகு போனால் குடும்பமே போகிற ஊரில் நின்று “தைரியமாகப் போகலாம்” என்று சொன்னது எங்களை உறுத்துகிறது. ஆறு கூற்றுகளில் இதற்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதும் அதனால்தான்.

மதிப்பீடு: திரிபு

கூற்று 2: “நமக்கு 41 எம்.பி. இருந்தார்கள். 1976-ல் அரசியலமைப்பைத் திருத்தி இரண்டைப் பறித்துக்கொண்டார்கள்.”

1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள். இப்போது 39. எண்கள் சரி. ஆனால் குறைந்தது 1967 தேர்தலில், அதாவது 1976-க்கு ஒன்பது ஆண்டு முன்பே. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தொகுதிகளைப் பிரித்தபோது நடந்தது அது. 1951-61 பத்தாண்டில் இந்த மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 12 சதவீதம் கூடியது. நாடு முழுக்க 21 சதவீதத்துக்கு மேல் கூடியது. அதற்கான விலைதான் அந்த இரண்டு இடங்கள்.

1976-ல் வந்த 42வது திருத்தம் செய்தது நேர் எதிரான வேலை. 1971 கணக்கெடுப்பின்படி இருந்த இடங்களை அப்படியே உறையவைத்தது. 2001-ல் கொண்டுவந்த 84வது திருத்தம் அந்தத் தடையை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இந்த 39-ஐக் காப்பாற்றி வைத்திருக்கும் சட்டத்தையே பறித்த சட்டம் என்கிறார். தொகுதி மறுவரையறை பற்றித் தமிழ்நாட்டுக்கு நியாயமான கவலை இருக்கிறது. அந்தக் கவலையோடு வாதாட வேண்டியவர்களுக்கு இந்தத் தவறு பெரிய இடைஞ்சல்.

எண் சரியாக இருப்பதால் ‘திரிபு’ என்று போடலாமா என்று எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. அவர் சொன்ன செய்தி, 1976 திருத்தம் பறித்தது என்பதுதான். அது நடக்கவில்லை.

மதிப்பீடு: பொய்

கூற்று 3: “69 சதவீத இடஒதுக்கீடு ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. எந்த நீதிமன்றமும் அதைத் தொடவே முடியாது.”

முதல் வாக்கியம் சரி. தமிழ்நாட்டின் 1994-ம் ஆண்டு 45வது சட்டம், அதே ஆண்டு 76வது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில், அதாவது நீதிமன்றச் சவாலிலிருந்து காப்பதற்காகச் சட்டங்களைச் சேர்த்து வைக்கும் பட்டியலில், 257ஏ என்ற எண்ணில் சேர்ந்தது. 1992-ல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 50 சதவீத வரம்பு போட்ட பிறகு, 69-ஐக் காக்க எடுத்த வழி அது.

இரண்டாவது வாக்கியம் 2007 ஜனவரி 11 வரை வேண்டுமானால் பேச முடிந்திருக்கும். அன்று ஐ.ஆர். கோயலோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் அரசியலமைப்பின் சிதைக்கக் கூடாத அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் வேரும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. கூடலூர் ஜன்மம் நிலங்கள் பற்றிய 1969 சட்டத்திலிருந்து கிளம்பியது அது. 69 சதவீதச் சட்டம் 1994-ல் சேர்ந்ததால் இந்தத் தீர்ப்பு அதற்கும் பொருந்தும். 2010 ஜூலையில் இந்தச் சட்டம் பற்றிய வழக்கிலேயே, ஒதுக்கீட்டுக்கு ஆதாரமான புள்ளிவிவரங்களைத் திரட்டிப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் முன் வைக்கும்படி மாநில அரசிடம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தொட முடியாது என்று மக்களை நம்ப வைத்துவிட்டால், அந்தப் புள்ளிவிவரங்களைக் கேட்டு அரசை நெருக்க யாருக்கும் தோன்றாது. அதனால் மதிப்பீடு இரண்டாவது வாக்கியத்துக்கு.

மதிப்பீடு: பொய்

கூற்று 4: “உயர்கல்வியில் இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். நூறு பிள்ளைகளில் 47 பேர் பட்டதாரி.”

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையைப் பார்த்தோம். மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47, இந்தியா முழுக்க 28.4. சண்டிகர், புதுச்சேரி, டெல்லி மூன்றும் நமக்கு மேலே இருக்கின்றன. அவை யூனியன் பிரதேசங்கள். மாநிலங்களை மட்டும் எடுத்தால் முதலிடம் நமக்குத்தான்.

‘47 பேர் பட்டதாரி’ என்பதுதான் சிக்கல். இது சேர்க்கைக் கணக்கு. எந்த வயதுக்காரராக இருந்தாலும் உயர்கல்வியில் பெயர் பதிந்த எல்லோரையும் கூட்டி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்த 45 வயது ஆசிரியரும் இதில் வருவார், பக்கத்து மாநிலத்திலிருந்து கோவைக்கு வந்து படிப்பவரும் வருவார். பாதியில் நின்றவர், அரியர் முடிக்காதவர் கணக்கு இதில் தெரியாது.

மதிப்பீடு: முதலிடம் என்பது பெரும்பாலும் உண்மை. பட்டதாரி என்பது திரிபு

கூற்று 5: “பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த நாட்டிலேயே முதன்முதலில் சோறு போட்டவர் காமராஜர்.”

மாநில அளவில் அதைப் பெரிய திட்டமாக்கியவர் காமராஜர்தான், 1956-ல். அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் 1920 செப்டம்பரிலேயே, நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டுவிட்டது. அதன் பிறகு 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று அடுத்தடுத்த அரசுகள் இதை வளர்த்தெடுத்திருக்கின்றன.

மதிப்பீடு: பாதி உண்மை

கூற்று 6: “செம்மொழி என்று மத்திய அரசு முதலில் அறிவித்த மொழி தமிழ்.”

2004 அக்டோபரில் தமிழுக்கு அறிவிப்பு வந்தது. சமஸ்கிருதத்துக்கு 2005-ல்தான்.

மதிப்பீடு: உண்மை

டீசல் மானியத்தை இரண்டு மடங்காக்குவோம், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஐஸ் ஆலை கட்டுவோம் என்றும் அன்று பேசினார். இவை வாக்குறுதிகள் என்பதால் மதிப்பிடவில்லை.

ஆறு கூற்றுகளுக்கும் ஆதாரம் கேட்டு ஏப்ரல் 9 காலை பேச்சாளரின் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதினோம். ஒன்றுக்குப் பதில் வந்தது: 47 என்ற எண்ணைக் கல்வி அமைச்சக அறிக்கையிலிருந்து எடுத்தார் என்றார்கள். அது சரிதான், மேலே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கச்சத்தீவு பற்றித் தொலைபேசியில் கேட்டபோது, மேடையில் காட்டிய தாளின் படத்தையே அனுப்பிவைத்தார்கள். 1976 கடிதத்தின் வாசகத்தை நாங்கள் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறோம். 19-ம் தேதி வாக்குப்பதிவுக்கு முன் அந்தக் கடற்கரையில் அவருக்கு அப்போது இன்னும் மூன்று கூட்டங்கள் இருந்தன. “தைரியமாகப் போகலாம்” என்ற வரியை அவர் திருத்திச் சொன்னால் அதையும் இதே இடத்தில் தேதியோடு சேர்ப்போம்.