வகுப்பறை மின்விசிறிகளையும் சுவிட்ச்போர்டுகளையும் ஆய்வு செய்யக் கோரி ஒரு பெற்றோரின் கடிதம்

அனுப்புநர்
ரா. செல்வம்,
(8-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி செ. யாழினியின் தந்தை)
வடக்குத் தெரு,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
தலைமை ஆசிரியை அவர்கள்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பொருள்: வகுப்பறைகளில் உள்ள மின்விசிறிகள், சுவிட்ச்போர்டுகள், எர்த் ஆகியவற்றை மழைக்காலத்துக்கு முன் தகுதியுள்ளவர்களைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த 2-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை நல்ல மழை பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று இரவு சாப்பிடும்போது என் மகள், "கிளாஸ்ல சன்னல் கம்பியத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. யார் அதிக நேரம் தொடுவது என்று போட்டியாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். 21 வருடமாக விசிறிக்கும் பம்புசெட்டுக்கும் காயில் கட்டித்தான் பிழைக்கிறேன். அதனால் மறுநாள் காலை யாழினியை விட வந்தபோது வகுப்பாசிரியரிடம் அனுமதி கேட்டு, பிள்ளைகள் பிரேயருக்குப் போயிருந்த நேரத்தில் அந்த அறையை மட்டும் பார்த்தேன். கையில் ஒரு டெஸ்டர்தான் இருந்தது. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

வாசலை ஒட்டிய சுவிட்ச்போர்டு பழைய மரப்பெட்டி. மேலே உள்ள ஹைலம் ஷீட்டில் நான்கு திருகுக்கு ஒன்றுதான் மிச்சம். ஒரு மூலை விலகி, உள்ளே ஒயர் முனை தெரிகிறது. இரண்டாவது விசிறியின் சுவிட்ச் உடைந்து உள்ளே போயிருக்கிறது. பிள்ளைகள் அதை மர ஸ்கேலால் குத்திப் போடுகிறார்கள். ஸ்கேல் கிடைக்காத நாளில் பேனா. ரெகுலேட்டர் இருந்த இடத்தில் மூடி இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டு ரெகுலேட்டர் முனையில் டெஸ்டரை வைத்தேன். விளக்கு எரிந்தது. என்றோ யாரோ பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், சுவிட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கிறது என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்படியானால் விசிறி நின்றிருக்கும்போதும் அதற்குள் கரண்ட் இருக்கும். "ஆஃப் பண்ணிட்டேன்" என்று நம்பி யாராவது விசிறியைத் துடைக்க ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சன்னல் கம்பி விஷயம் வேறு. விசிறிக்குப் போகும் ஒயர் குழாயிலிருந்து வெளியே வந்து, சன்னல் கம்பியில் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. காற்றில் ஆடி ஆடி அந்த இடத்தில் ஒயரின் மேல்தோல் தேய்ந்திருக்கிறது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஓதம் ஏறினால் கம்பி முழுக்கக் கரண்ட் வரும். வகுப்பாசிரியர் அன்றே தன் செலவில் டேப் வாங்கிச் சுற்றிவிட்டார். அவருக்கு நன்றி. ஆனால் அந்த டேப் இரண்டு மழை தாங்கும், மூன்றாவது மழைக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

விசிறிகளைக் கீழிருந்துதான் பார்க்க முடிந்தது. கரும்பலகைக்கு முன்னால் உள்ளது சுழலும்போது 'டக் டக்' என்கிறது, தண்டு வட்டம் போடுகிறது. விசிறியைக் கொக்கியில் பிடித்து நிறுத்துவது ஒரு போல்ட். அந்த போல்ட் கழன்று விழாமல் காப்பது தீக்குச்சி அளவுள்ள ஒரு ஸ்பிளிட் பின். கொக்கிக்கும் போல்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் புஷ். ரப்பர் காய்ந்து உதிர்ந்துவிட்டால் இரும்பும் இரும்பும் வருடக்கணக்கில் உரசி, கொக்கி பாதியாகத் தேயும். என் கடைக்கு ரிப்பேருக்கு வரும் விசிறிகளில் அந்தப் பின்னுக்குப் பதிலாக ஆணி, கட்டுக்கம்பி, ஒருமுறை ஹேர்பின்கூடப் பார்த்திருக்கிறேன். நம் பள்ளி விசிறிகளில் என்ன இருக்கிறது என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அந்த விசிறிக்கு நேர் கீழே மூன்று பிள்ளைகள் உட்காருகிறார்கள். அது ஓட்டுக் கட்டடம் என்பதால் இன்னொன்றும் உண்டு. ஓடு ஒழுகினால் தண்ணீர் உத்திரம் வழியாக வந்து கொக்கியைப் பிடித்து, தண்டு வழியாக நேரே விசிறியின் மோட்டாருக்குள் இறங்கும். இரண்டாவது விசிறியின் மேல் கிண்ணத்தில் துருக்கோடு தெரிகிறது. அங்கே ஏற்கெனவே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

வெளியே வந்து எர்த் குழியையும் பார்த்தேன். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கிறது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி எத்தனை வருடம் ஆனதோ, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. குழாயிலிருந்து வரும் எர்த் கம்பி அறுந்து தொங்குகிறது. குழாயில் வாலிபால் நெட்டின் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது வெறும் இரும்புக் கம்பம்.

அம்மா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தபோது, "மெயின்ல எம்.சி.பி. போட்டாச்சே, ஏதாவதுன்னா ட்ரிப் ஆயிடும்" என்று ஒருவர் சொன்னார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால்தான் விழும். ஒரு பிள்ளையின் உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே, கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். நம் பள்ளி மெயின் போர்டில் அது இல்லை. புதிதாக வந்த ஸ்மார்ட் போர்டுக்கு மட்டும் தனி லைன் இழுத்து எம்.சி.பி. வைத்திருக்கிறார்கள். பழைய அறைகளுக்குப் போவதில் இன்னும் பீங்கான் பியூஸ் கட்டைதான், அதிலும் ஒன்றில் பியூஸ் கம்பிக்குப் பதிலாக முறுக்கிய ஒயர் இழை போட்டிருக்கிறது.

இவ்வளவும் சொல்கிறவன் தானே வந்து சரிசெய்து கொடுக்கலாமே என்று தோன்றலாம். கூட்டத்திலும் கேட்டார்கள். நான் மறுத்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. நான் பார்த்தது ஒரே ஒரு அறை, அதுவும் டெஸ்டரால். டெஸ்டர் கரண்ட் இருக்கிறதா என்று சொல்லும், ஒயரின் உள்ளே எவ்வளவு கசிகிறது என்று சொல்லாது. அதற்கு மெக்கர் வைத்து 500 வோல்ட் கொடுத்து ஒவ்வொரு லைனையும் சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைன் கூடாது என்பது விதி. எர்த்துக்குத் தனிக் கருவி. என்னிடம் இரண்டும் இல்லை, வயரிங் செய்ய உரிமமும் இல்லை. அரசுக் கட்டடத்தில் உரிமம் இல்லாதவன் கை வைத்து, நாளை ஒன்று நடந்தால் உங்களுக்கும் பதில் சொல்ல முடியாது, எனக்கும் முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பொதுப்பணித் துறையின் மின் பிரிவுக்கு உங்கள் கையெழுத்துடன் எழுதி, பள்ளியின் எல்லா அறைகளையும் ஆய்வு செய்யக் கேளுங்கள். சத்துணவுக் கூடமும், கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் அதில் சேர வேண்டும். அவர்கள் வரத் தாமதமானால், மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவரை அழைக்கலாம். யார் வந்தாலும், எந்த அறையில் என்ன அளவு வந்தது, எந்த விசிறியின் கொக்கியும் பின்னும் எப்படி இருக்கிறது என்று அறைவாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "பார்த்தோம், நல்லா இருக்கு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது வேண்டாம். அந்த அறிக்கையைக் குழுக் கூட்டத்தில் வாசித்தால் போதும்.

காலாண்டு விடுமுறையில் இதை வைத்துக்கொண்டால் வகுப்பு கெடாது. ஐப்பசி அடைமழை தொடங்குவதற்கு முன் வேலையும் முடிந்துவிடும். அதுவரை 8 'ஆ' பிரிவு அறையின் லைனை மெயினிலேயே துண்டித்து வைத்து, பிள்ளைகளை வேறு அறைக்கோ வராந்தாவுக்கோ மாற்ற வேண்டுகிறேன். வெயிலில் கஷ்டம்தான், என் மகளும் முனகுவாள். அதோடு, பியூஸ் போனால் பத்தாம் வகுப்புப் பையன்களை மேசை மேல் ஏற்றிப் போடச் சொல்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல மனதோடு உதவுகிற பையன்கள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள்.

மானியம் இந்த ஆண்டு எப்போது வரும் என்று தெரியவில்லை என்று நீங்கள் கூட்டத்தில் சொன்னதை மறக்கவில்லை. ஆர்.சி.சி.பி. ஒன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். ரப்பர் புஷ், பின் எல்லாம் சில்லறைக் காசு. பெற்றோர்கள் சேர்ந்து அதற்கு ஏற்பாடு செய்கிறோம், எங்கள் தெருவில் ஏழு பேரிடம் பேசிவிட்டேன். பள்ளி விசிறிகளை இறக்கிக் கொடுத்தால், காயில், பேரிங், கண்டென்சர் வேலையைக் கூலி வாங்காமல் என் கடையில் செய்து தருகிறேன். திரும்ப மாட்டுவதை மட்டும் உரிமம் உள்ளவர் நின்று பார்க்க வேண்டும்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று நான் கும்பகோணத்தில் ஒரு வைண்டிங் கடையில் எடுபிடியாக இருந்தேன். அன்று அங்கே ஒரு பள்ளியில் பிடித்த தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அது மின்சாரத்தால் வந்த தீ அல்ல, சமையல் கூடத்தில் பிடித்தது. அந்தப் பள்ளியின் கீற்றுக் கூரையை அதற்கு முன் தினமும் எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டுதான் போனார்கள், நானும்தான். ஊர் ஊராகப் பள்ளிக் கூரைகளைப் பிரித்தது அதற்குப் பிறகு. யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. பார்த்தும் சொல்லாமல் இருக்க என்னால் இந்த முறை முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் கிடைத்ததற்கு அலுவலக முத்திரையுடன் நகலில் கையெழுத்திட்டுத் தர வேண்டுகிறேன். ஆய்வு நாளை முடிவு செய்ததும் யாழினியிடம் சொல்லியனுப்பினால் போதும். அன்று கடையைப் பூட்டிவிட்டு, ஏணியோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. செல்வம்

நாள்: 08.09.2025

நகல்: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்கள்